மேற்குச் சுவர் நள்ளிரவில் சுடுவது ஏன்?

வீடு கட்டுபவர்கள் சுவருக்கோ கூரைக்கோ பொருள் வாங்கப் போனால், சூடு விஷயத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்கிறார்கள். வெப்பக் கடத்துதிறன் எவ்வளவு என்பதே அது. அந்த எண் சிறியதாக இருந்தால் சூடு உள்ளே வர நேரமாகும் என்று வாங்குபவரும் நம்புகிறார், விற்பவரும் நம்புகிறார். கட்டடங்களுக்கு வெப்பக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. இந்த நம்பிக்கையால் பணத்தைத் தவறான இடத்தில் போடும் வீடுகளை அடிக்கடி பார்க்கிறேன். கடத்துதிறன், எவ்வளவு வெப்பம் கடந்து போகும் என்பதைச் சொல்லும். அது எப்போது வந்து சேரும் என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது.

காரணம் எளிது. வெயில் பட்ட சுவரின் வெளிப்பக்கம் சூடானதும், அந்தச் சூடு நேராக உள்பக்கம் வந்துவிடுவதில்லை. முதல் அடுக்கு சூடேற வேண்டும். அப்புறம்தான் அது அடுத்த அடுக்குக்குச் சூட்டைத் தரும். ஒவ்வொரு அடுக்கும் தன்னைச் சூடாக்கிக்கொள்ள ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் அனுப்புகிறது. ஆக, சூடு முன்னேறும் வேகம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: பொருள் எவ்வளவு தாராளமாகக் கடத்துகிறது, போகிற வழியில் எவ்வளவு பிடித்து வைக்கிறது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிடைப்பதுதான் வெப்பப் பரவுதிறன்.

α = k / (ρ c)

இதில் k என்பது கடத்துதிறன். ρ என்பது அடர்த்தி, c என்பது தன்வெப்ப ஏற்புத்திறன். கீழே இருக்கும் ρ, c இரண்டையும் பெருக்கினால், ஒரு கன மீட்டர் பொருளை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று கிடைக்கும். எடையை மட்டும் பார்த்து இதை ஊகிக்க முடியாது. அங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

தாமிரம், செங்கல், மரம் மூன்றையும் எடுத்துக்கொள்வோம். கடத்துதிறன் தாமிரத்துக்குச் சுமார் 400, செங்கலுக்குச் சுமார் 0.7, மரத்துக்குச் சுமார் 0.15 (அலகு: மீட்டருக்கு, கெல்வினுக்கு வாட்). ஒரு கன மீட்டரை ஒரு டிகிரி சூடாக்கத் தாமிரத்துக்கு ஏறக்குறைய 3,450 கிலோஜூல் வேண்டும். செங்கலுக்கு 1,500, மரத்துக்கு 1,150 போல வேண்டும். மரம் செங்கலைவிட எவ்வளவோ லேசானது. எடை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். ஆனாலும் கனத்துக்குக் கனம் அது பிடித்து வைக்கும் வெப்பம் செங்கலுக்கு ரொம்பக் குறைவில்லை. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மரத்தின் ஏற்புத்திறன் செங்கலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் என்பதே காரணம்.

தாமிரத்தின் கதை வேறு. வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது செங்கலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் தாமிரத்தில் சூடு மெதுவாகத்தான் நகர வேண்டும். ஆனால் கடத்துவதில் அது செங்கலைவிடச் சுமார் 570 மடங்கு. வகுத்துப் பார்த்தால் தாமிரத்தின் பரவுதிறன் நொடிக்கு 116 சதுர மில்லிமீட்டர். செங்கலுக்கு 0.47, மரத்துக்கு 0.13. அதாவது 570 மடங்கு என்று இருந்த வித்தியாசம் 250 மடங்காகக் குறைகிறது.

வீட்டுச் சுவரில் அது இன்னும் குறையும். பகலில் சூடாகி இரவில் ஆறும் சுவரில் வெப்பம் ஓர் அலையாக உள்ளே போகிறது. அந்த அலை எவ்வளவு ஆழம் போகும் என்பது பரவுதிறனின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு நாள் சுழற்சிக்குக் கணக்குப் போட்டால், அலையின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும் ஆழம் செங்கலில் 11 சென்டிமீட்டர், மரத்தில் 6 சென்டிமீட்டர். தாமிரத்தில் அது 1.8 மீட்டர். கடத்துதிறனில் 570 மடங்கு மேலே இருக்கும் தாமிரம், ஆழத்தில் செங்கலைவிடப் பதினாறு மடங்குதான். செங்கலில் நாலில் ஒரு பங்குகூடக் கடத்தாத மரம், ஆழத்தில் அதன் பாதிக்குச் சற்று மேலே நிற்கிறது.

ஸ்வீடனைச் சேர்ந்த ஆங்ஸ்ட்ரோம் 1861இல் இதே அலையை வைத்துத்தான் உலோகங்களை அளக்கும் முறையை வெளியிட்டார். ஒரு கம்பியின் ஒரு பகுதியை மாற்றி மாற்றிச் சூடாக்கி, குளிர்வித்து, கம்பியில் இரண்டு இடங்களில் வெப்பநிலையைக் குறித்தார். அலை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு வர எவ்வளவு தாமதமாகிறது, வரும்போது எவ்வளவு சுருங்குகிறது என்ற இரண்டிலிருந்தே பரவுதிறன் கிடைத்துவிடும். மேற்குப் பார்த்த சுவரில் சூரியன் தினமும் இந்தச் சோதனையைத்தான் செய்கிறது.

சரி, ஒரு சுவரை எடுத்துப் பார்ப்போம். மதுரையில் நான் பார்த்த ஒரு வீடு. மாடியில் படுக்கையறை, மேற்கே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நிழல் தர மரமோ பக்கத்துக் கட்டடமோ இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்தச் சுவர் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியவில்லை என்றார் வீட்டுக்காரர். உள்பக்கம் முழுக்க 12 மில்லிமீட்டர் பிளைவுட் அடிக்கத் தச்சரிடம் விலையும் பேசியிருந்தார். "மரம் சூட்டைக் கடத்தாதுதானே சார், அப்போ தடுத்துடும்ல?" என்று கேட்டார்.

சுவரின் வெளிப்பக்கமும் உள்பக்கமும் எந்த நேரத்தில் உச்சச் சூட்டைத் தொடுகின்றன என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொன்னேன். சுவரை நோக்கிப் பிடித்து அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி போதும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தை மணிக்கு ஒருமுறை குறிக்க வேண்டும். வெளிப்பக்கம் மாலை நாலு மணியை ஒட்டி உச்சத்துக்குப் போனது. உள்பக்கம் உச்சத்தைத் தொட்டது பதினொரு மணிக்கு மேல். கணக்கும் அதையே சொல்கிறது. 23 சென்டிமீட்டர் என்பது 11 சென்டிமீட்டரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தத் தடிமனுக்குச் செங்கலில் அலை வர எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். ஏற்ற இறக்கம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். இது சுவர் முடிவில்லாமல் நீள்கிறது என்று வைத்துப் போடும் எளிய கணக்கு. நிஜச் சுவரின் உள்பக்கம் அறைக் காற்று இருப்பதால் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதே தடிமனுக்கு முழுக்க மரச்சுவர் இருந்தால் அலை வர பதினாலு, பதினைந்து மணி நேரம் ஆகும். வரும்போது கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குச் சுருங்கியிருக்கும். தாமிரமாக இருந்தால் அரை மணி நேரம். ஆனால் அந்த வீட்டுக்காரர் போட இருந்தது 23 சென்டிமீட்டர் மரமில்லை, ஒன்றே கால் சென்டிமீட்டருக்கும் குறைவான பலகை. அந்தத் தடிமனில் அலைக்குக் கிடைக்கும் தாமதம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. கடந்து போகும் வெப்பத்தையும் அது பெரிதாகக் குறைக்காது. செங்கல் சுவர் ஏற்கெனவே தரும் தடையில் நாலில் ஒரு பங்கைத்தான் அது கூட்டுகிறது. முக்கியமாக, நாள் முழுக்கச் சூட்டைக் குடித்த செங்கல் அப்படியே பலகைக்குப் பின்னால் இருக்கும். உச்சம் பதினொன்றுக்குப் பதிலாகப் பன்னிரண்டுக்கு வரும், அவ்வளவுதான்.

அவரிடம் நான் சொன்னது, வெளியே செலவு செய்யுங்கள் என்பதுதான். சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி இரும்புச் சட்டம் போட்டுக் கொடி ஏற்றினார்கள். சுவருக்கு வெள்ளையும் அடித்தார்கள். இதனால் சுவரின் பரவுதிறன் மாறாது. உள்பக்க உச்சம் இப்போதும் பதினொரு மணியை ஒட்டித்தான் வருகிறது. ஆனால் வெளிப்பக்கத்தில் புறப்படும் அலையே சிறியதாகிவிட்டதால், உள்ளே வருவதும் சிறியதாக வருகிறது. நேரம் மாறாமல் அளவு மட்டும் குறைந்தால், வேலை செய்தது நிழல் என்று தெரிந்துகொள்ளலாம்.

தடிமனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இடம் மிச்சம் என்று வெளிச்சுவரை நாலரை அங்குலமாகக் கட்டுகிறவர்கள், பாதிச் சுவருக்குப் பாதிப் பலன் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். தாமதம் பாதியாகிறது என்பது சரிதான். ஏற்ற இறக்கம் அப்படிப் போவதில்லை. எட்டில் ஒரு பங்காக வந்த அலை இப்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே வரும், அதுவும் ராத்திரி எட்டு மணிக்கே. பாதிச் சுவருக்கு நீங்கள் வாங்குவது ஏறக்குறைய மூன்று மடங்கு அலை.

கடத்துதிறன் மட்டும் பார்த்து வாங்கினால் எப்படி ஏமாறலாம் என்பதற்குத் தெர்மோகோலைவிட நல்ல உதாரணம் இல்லை. அதன் கடத்துதிறன் 0.035 போல, செங்கலில் இருபதில் ஒரு பங்கு. ஆனால் அதில் பெரும்பகுதி காற்று என்பதால் ஒரு கன மீட்டரைச் சூடாக்க 30 கிலோஜூல்கூட வேண்டாம். வகுத்தால் பரவுதிறன் 1.2க்கு மேல் வருகிறது. செங்கலைப்போல இரண்டரை மடங்கு! ஷீட் கூரைக்கு அடியில் இரண்டு அங்குலம் தெர்மோகோல் அடித்தால், வரும் வெப்பத்தின் அளவு நன்றாகக் குறையும். அந்த விஷயத்தில் அது ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைப்போல நாலு மடங்கு தடை தரும். ஆனால் மத்தியானம் பன்னிரண்டு மணி வெயில் மத்தியானமே உள்ளே வந்துவிடும். அதைத் தள்ளிப்போட அந்தப் பொருளில் ஒன்றுமில்லை. தெர்மோகோல் அட்டை போட்டும் பகலில் புழுங்குகிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இதுதான்: வருவதைக் குறைத்திருக்கிறீர்கள், வருவதைப் பிடித்து வைக்க அங்கே கனமான எதுவும் இல்லை.

இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு பொருளும் வேண்டும். எது எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். ஜன்னலைத் திறந்து வைத்துக் காற்றோட்டத்தில் வாழும் வீட்டுக்கு, லேசான அட்டை வெளியேயும் செங்கல் உள்ளேயும் இருப்பது நல்லது. அட்டை அலையைச் சிறிதாக்கும். செங்கல் அறையின் பக்கம் இருந்து, இரவுக் காற்றில் ஆறி, மறுநாள் பகலில் அறையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். இரவில் மட்டும் ஏசி போடும் படுக்கையறைக்கு இதையே மாற்றிச் செய்யலாம். அட்டை உள்பக்கம் இருந்தால், ஏசி அந்தச் செங்கலையெல்லாம் குளிரவைக்க உழைக்காமல் அறையைச் சீக்கிரம் குளிர்விக்கும்.

பகல் இரவு பாராமல் ஏசி ஓடும் இடம் என்றால் கணக்கு வேறு. சர்வர் அறை, குளிர்பதனக் கிடங்கு போன்றவற்றில் உள்ளே வெப்பநிலை மாறுவதே இல்லை. அங்கே மாதக் கடைசியில் வரும் மின் கட்டணத்தைத் தீர்மானிப்பது சராசரியாக எவ்வளவு வெப்பம் கடக்கிறது என்பதுதான். அதைச் சொல்வது கடத்துதிறனும் தடிமனும். பரவுதிறன், உச்சச் சுமை எந்த மணிக்கு விழும், எவ்வளவு பெரிதாக விழும் என்பதை மட்டும் சொல்லும். ஏசியின் கொள்ளளவைத் தேர்ந்தெடுக்கும்போது அது உதவும்.

கடைசியாக, பட்டியலில் இருக்கும் எண்களை அப்படியே நம்ப வேண்டாம். செங்கலுக்குச் செங்கல் அடர்த்தி மாறும். மழையில் ஊறிய செங்கல் காய்ந்த செங்கலைவிட நன்றாகக் கடத்தும், கூடவே அதிக வெப்பத்தையும் பிடிக்கும். மரமும் நார் ஓடும் திசையில் குறுக்குத் திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கடத்தும். நான் மேலே சொன்ன 0.15 நாருக்குக் குறுக்கே அளந்தது. பலகை வாங்கும்போது பெரும்பாலும் அதுதான் பொருந்தும். மரத்துண்டுகளை நார்முனை வெளியே தெரிய அடுக்கிக் கட்டும் சுவருக்கு அது பொருந்தாது. பொருளை விற்பவரிடம் கடத்துதிறனோடு அடர்த்தியையும் ஏற்புத்திறனையும் கேட்டு வாங்குங்கள். மூன்றும் கையில் இருந்தால் வகுத்துப் பார்க்கக் கைபேசி கால்குலேட்டரே போதும்.