பனி இல்லாத ஊரில் ஃபுளுவுக்கு எது பருவம்?

2025 அக்டோபரில் மலேசியப் பள்ளிகளில் ஏறத்தாழ 6,000 மாணவர்களுக்கு இன்ஃபுளுவென்சா வந்து, சில பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. அதையொட்டி பிரிக்பீல்ட்ஸ் வாசகி ஒருவர் கேட்கிறார்: "குளிர் நாடுகளில்தான் பனிக்காலத்தில் ஃபுளு பரவுமாம். இங்கே மழை பெய்தால் ஏன் பரவுகிறது? அம்மாவுக்கு எந்த மாதம் ஊசி போடலாம்?"

மழையில் நனைந்தால் ஃபுளு வரும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிடுவது நல்லது. வைரஸ் வருவது மழையிலிருந்து அல்ல, அடுத்தவர் இருமிய துளியிலிருந்து.

அந்தத் துளியில் தண்ணீர், உப்பு, புரதம் மூன்றும் உண்டு. ஹீட்டர் ஓடும் குளிர்நாட்டு அறையில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கும் கீழே போகும். துளி முழுக்க வற்றி, உப்பு படிகமாகிவிடும்; வைரஸ் தப்பித்துக்கொள்ளும். ஈரப்பதம் அதற்குமேல் இருந்தால் துளி பாதிதான் வற்றும். மிஞ்சிய நீரில் உப்பு ஏறிக்கொண்டே போய், ஊறுகாய் ஜாடியில் கிருமி சாவதுபோல வைரஸ் சிதையும். 100 சதவீதத்தை நெருங்கினாலோ துளி வற்றுவதே இல்லை, உப்பு கரிப்பதும் இல்லை, வைரஸ் மறுபடி பிழைக்கிறது! அமெரிக்க ஆய்வாளர் லின்சி மார் குழுவினர் 2012இல் காட்டியது இது. துளியில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு கொஞ்சம் மாறும். எனக்கு இதில் பிடித்ததே, வறட்சியும் அடைமழையும் ஒரே வைரஸைக் காப்பாற்றுகின்றன என்பதுதான்.

ஆனால் துளி மட்டுமே காரணமல்ல. நியூயார்க்கில் கினிப்பன்றிகளை வைத்துச் செய்த சோதனையில், 30 டிகிரி வெப்பத்தில் காற்றுவழிப் பரவல் நின்றுபோனது. ஒரே கூண்டில் இருந்தவற்றுக்கிடையே தொடர்ந்தது. மழை நாளில் ஜன்னலைச் சாத்தி, ஏர்கோன் போட்ட வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் நெருங்கி உட்கார்வதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கோலாலம்பூரில் மழை இல்லாத மாதமே கிடையாது. அதனால் ஃபுளுவும் ஆண்டு முழுக்க இருக்கிறது; மே முதல் ஜூலை வரையிலும், நவம்பர் முதல் ஜனவரி வரையிலும் பெரும்பாலும் கூடுகிறது.

இனி ஊசி. எந்த வைரஸ் வகைகளைச் சேர்ப்பது என்பதை உலக சுகாதார நிறுவனம் வட கோளத்துக்குப் பிப்ரவரியிலும், தென் கோளத்துக்குச் செப்டம்பரிலும் அறிவிக்கிறது. தயாரிக்க ஆறு மாதம் ஆகும் என்பதால் தென்கோள ஊசி மார்ச், ஏப்ரல் வாக்கிலும், வடகோள ஊசி செப்டம்பர், அக்டோபர் வாக்கிலும் கைக்கு வரும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இரண்டுமே பொருந்தும். போட்டபின் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம். பின் மாதங்கள் போகப் போக அது குறையும்.

ஆகவே வாசகியின் அம்மா ஏப்ரலில் போட்டால் நடு ஆண்டு அலைக்கும், அக்டோபரில் போட்டால் ஆண்டிறுதி அலைக்கும் தயாராக இருப்பார். டிசம்பரில் ஊருக்குப் போவதாக இருந்தால் அக்டோபரே நல்லது. கிளினிக்கில் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்: வடகோள ஊசியில் 2025/2026 என்பதுபோல இரண்டு ஆண்டுகள் இருக்கும், தென்கோள ஊசியில் 2026 என்பதுபோல ஒன்றுதான். காலாவதித் தேதி நெருங்கிய பழைய பருவத்து ஊசி என்றால், புதியது எப்போது வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.