கடையின் பெயர் தலைப்பு ஆகாது

கிளிநொச்சியில் சூரிய சக்தி நீர்ப்பம்பி விற்கும் கடையொன்றின் துண்டுப்பிரசுரம் அண்மையில் திருத்தத்திற்காக என்னிடம் வந்தது. உச்சியில் கடையின் பெயர், அதன் கீழ் "2 குதிரைவலு, தூரிகையற்ற மோட்டார், எம்பிபிடி கட்டுப்பாட்டுக் கருவி", அடியில் மூன்று தொலைபேசி இலக்கங்கள். இதே அமைப்பில் எத்தனை பிரசுரங்களைத்தான் திருத்துவது?

பயனை எழுதுங்கள் என்று சொன்னால் உரிமையாளர்கள் உடனே "உயர்தரம், நம்பிக்கை, நியாய விலை" என்று சேர்த்துவிடுகிறார்கள். அவை பயன்கள் அல்ல. விற்பவர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வது மட்டுமே. அடுத்த கடைக்காரரும் அதே சொற்களைப் போடலாம் என்றால் அந்த வரியை வெட்டிவிடுங்கள். வாங்குபவரின் காணியில், கையில், பணப்பையில் என்ன மாறும் என்பதுதான் பயன். ஒவ்வொரு தொழில்நுட்ப வரிக்கும் பின்னால் "அதனால் தோட்டக்காரருக்கு என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். தூரிகையற்ற மோட்டார் என்றால், தேய்ந்த தூரிகையை மாற்றுவதற்காகப் பம்பியைக் கழற்றி நகரத்துக்குச் சுமந்து வர வேண்டியதில்லை. எம்பிபிடி என்றால், வெயில் முழுதாக ஏறாத காலையிலும் தகடுகளிலிருந்து இயன்ற அளவு மின்சாரம் எடுக்கப்படும். இவ்வாறு கேட்டு வந்தபோது கிடைத்த மிகப் பெரிய பயனைத் தலைப்பாக்கினோம்: "சிறுபோக மிளகாய்க்கு மண்ணெண்ணெய் வாங்காமல் தண்ணீர் இறையுங்கள்." கடையின் பெயர் அடிக்கு இறங்கியது.

குதிரைவலுவையும் மோட்டாரின் விபரத்தையும் அழிக்கச் சொல்லவில்லை. தலைப்பு ஈர்த்தவர் அடுத்து அவற்றைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார் என்பதால் அவை சிறிய எழுத்தில் கீழே இருக்கட்டும். பம்பி பூட்டும் தொழிலாளருக்கென்று எழுதும் விளம்பரமாயின், அவருக்கு வேண்டியது அந்த அளவுகளே என்பதால், அவற்றை மேலேயே வைக்கலாம்.

"மேலதிக விபரங்களுக்குத் தொடர்பு கொள்ளவும்" என்ற வரியையும் தயவுசெய்து கைவிடுங்கள். அழைத்தால் என்ன கிடைக்கும் என்று அது சொல்வதில்லை. நாங்கள் எழுதியது: "உங்கள் கிணற்றின் ஆழத்தையும் தண்ணீர் நிற்கும் மட்டத்தையும் அளந்துகொண்டு இந்த இலக்கத்துக்கு அழையுங்கள், பொருத்தமான பம்பி எது என்று அப்போதே சொல்வோம்." செய்ய வேண்டிய செயல் ஒன்று, இலக்கமும் ஒன்று. அழைப்பவர் அளவோடு வருவதால் கடைக்காரரின் நேரமும் மிஞ்சும்.

தலைப்பில் வாக்குறுதியைக் கூட்டிவிடாதீர்கள். "எந்நேரமும் தண்ணீர்" என்று போட உரிமையாளர் விரும்பினார்; மின்கலம் இல்லாத பம்பி இரவில் ஓடாது, மார்கழி முகிலில் இறைப்பும் குறையும். ஆகவே "பகல் வெயிலில் இயங்கும்" என்று தலைப்புக்கு அடுத்த வரியிலேயே எழுதி, இரவில் இறைக்க விரும்புவோர் தாங்கியில் நிரப்பிவைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே அச்சுக்குக் கொடுத்தோம்.