மாமாவின் போனை நிரப்பிய சொற்பொழிவுகள்

மாமாவின் போன் 32 ஜிபி. போன மாதம் வாட்ஸ்அப்பில் பேத்தி அனுப்பிய படம் திறக்கவில்லை என்று கொண்டுவந்து கொடுத்தார். பார்த்தால் இடமே இல்லை. பாட்காஸ்ட் செயலி மட்டும் 2 ஜிபிக்கு மேல் பிடித்து வைத்திருந்தது. "நான் எதையும் சேர்த்து வைக்கலையே. கேட்டு முடிச்சா அதுவே அழிஞ்சிடும்னு நீதானே சொன்னே?" என்றார். சொன்னது நான்தான். கேட்டு முடித்தால் அழியும் என்பதும் உண்மைதான். சிக்கல் அந்த 'முடித்தால்' என்ற சொல்லில் இருந்தது.

அதற்கு முன், இந்தத் தானியங்கிப் பதிவிறக்கம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒவ்வொரு பாட்காஸ்டுக்கும் இணையத்தில் ஓர் ஆர்எஸ்எஸ் ஓடை உண்டு. அது வெறும் எழுத்துக் கோப்புதான். புதிய பகுதி வந்தால் அதில் ஒரு பதிவு கூடும். அந்தப் பதிவுக்குள் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
<enclosure url="https://example.com/e212.mp3"
  length="115200000" type="audio/mpeg"/>
```

ஒலிக்கோப்பு இருக்கும் இடம், அதன் அளவு பைட்டில், அதன் வகை. செயலி அவ்வப்போது ஓடையை எடுத்துப் பார்க்கும். ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள guid என்ற அடையாளத்தைத் தன்னிடம் இருப்பவற்றோடு ஒப்பிடும். தெரியாத அடையாளம் என்றால் புதுப் பகுதி என்று முடிவு செய்து இறக்கிக்கொள்ளும். நிகழ்ச்சிக்காரர்கள் வேறு சேவைக்கு மாறும்போது இந்த அடையாளங்களும் மாறிவிட்டால், நாம் என்றோ கேட்ட பழைய பகுதிகளெல்லாம் புதிதுபோல மறுபடி வந்து இறங்கும். பட்டியலில் ஒரே தலைப்பு இரண்டிரண்டு முறை தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

சரி, இடக் கணக்கு. பாட்காஸ்ட்களில் பரவலாகப் புழங்கும் 128 கேபிபிஎஸ் எம்பி3யில் ஒரு நொடிக்கு 16,000 பைட், ஒரு நிமிடத்துக்கு 9,60,000 பைட். அதாவது ஒரு நிமிடம் ஒரு எம்பி என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பாது. 64 கேபிபிஎஸ் என்றால் அதில் பாதி. ஒலிநூல்கள் பெரும்பாலும் ஒருவர் குரல் மட்டும் என்பதால் 64 போதும். 10 மணி நேர நூல் 288 எம்பிக்குள் அடங்கிவிடும்.

மாமா நான்கு நிகழ்ச்சிகளுக்குச் சந்தா போட்டிருந்தார். தினமும் 15 நிமிடச் செய்தி, தினமும் 45 நிமிடச் சொற்பொழிவு, வாரம் ஒரு இரண்டு மணி நேர நேர்காணல், வாரம் ஒரு அரை மணிக் கதை. கூட்டினால் வாரத்துக்கு 570 நிமிடம். அவர் கேட்பது காலை நடையின்போது மட்டும், 40 நிமிடம், ஞாயிறு கிடையாது. ஆக 240 நிமிடம். பள்ளிக்கூடத்தில் தொட்டிக் கணக்கு போட்டிருப்போமே, ஒரு குழாய் நிரப்பும், இன்னொன்று காலி செய்யும் என்று, அதேதான். நிரப்பும் குழாய் இரண்டு மடங்குக்கும் பெரிது. வாரத்துக்கு 330 நிமிடம், ஏறக்குறைய 320 எம்பி, தொட்டியில் தங்கிவிடுகிறது. ஆறே வாரத்தில் 2 ஜிபி.

இதில் காலி செய்யும் குழாயும் அடைத்திருந்தது. சொற்பொழிவின் கடைசி இரண்டு நிமிடம் வாழ்த்துப் பாட்டும் அறிவிப்பும். அது தொடங்கியதும் மாமா அடுத்ததற்குத் தாவிவிடுவார். செயலியைப் பொறுத்தவரை அவர் அந்தப் பகுதியை முடிக்கவே இல்லை, அதனால் அழிக்கவும் இல்லை. பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தால், முக்கால்வாசிக்கு மேல் ஓடி நுனியில் கொஞ்சம் மிச்சம் வைத்த கோடுகள் வரிசையாக நின்றன. ஆண்டெனாபாட் செயலியில் இதற்கென்றே Smart mark as played என்ற அமைப்பு உண்டு. மிச்சம் இத்தனை நொடிதான் என்றால் கேட்டதாகவே எடுத்துக்கொள் என்று சொல்லலாம். மாமாவைப் போன்றவர்களுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டும்.

அப்புறம் வரம்பு. பெரும்பாலான செயலிகள் வரம்பை எம்பியில் கேட்பதில்லை, எண்ணிக்கையில்தான் கேட்கின்றன. காரணம் இல்லாமல் இல்லை. மேலே பார்த்த length பல ஓடைகளில் தவறாகவோ சுழியாகவோ இருக்கும். பதிவிறக்கும் நேரத்தில் விளம்பரம் செருகப்படும் நிகழ்ச்சிகளில் கோப்பின் அளவே ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் 25 என்ற ஒரே எண், செய்தியாக நிரம்பினால் 360 எம்பி, நேர்காணலாக நிரம்பினால் 2.9 ஜிபி. மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே எண் மட்டும் வைக்க முடிகிற செயலி என்றால், நீளமான நிகழ்ச்சியைத் தானியங்கியிலிருந்து எடுத்துவிட்டு, வேண்டும்போது கையால் இறக்கிக்கொள்வதுதான் என் வழக்கம்.

மாமாவின் செயலியில் நிகழ்ச்சிவாரியாக வைக்க முடிந்தது. செய்திக்கு 1. நேற்றைய செய்தியை யார் கேட்கப் போகிறார்கள்? சொற்பொழிவுக்கு 3, நேர்காணலுக்கு 1, கதைக்கு 2. மொத்தம் 320 எம்பிக்குள். ஒன்று கவனிக்க வேண்டும்: சில செயலிகள் புதியதை முழுதும் இறக்கிய பிறகே பழையதை அழிக்கும். ஆகவே பட்டியலில் உள்ள பெரிய கோப்பு அளவுக்காவது, இங்கே 115 எம்பி, எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் அடிப்படைக் கணக்குப்படி, சேமிப்பில் 5 சதவீதம் அல்லது 500 எம்பி, இரண்டில் எது குறைவோ, அதற்குக் கீழே காலியிடம் போனால் 'இடம் குறைவு' நிலை வந்துவிடும். அந்த நிலையில் பின்னணி வேலைகளை நிறுத்திவைக்கும்படி எழுதப்பட்ட செயலிகள் சத்தமில்லாமல் பதிவிறக்கத்தை விட்டுவிடும். "ரெண்டு நாளா புதுசே வரலை" என்றால் முதலில் இணையத்தைச் சந்தேகப்படாமல் காலியிடத்தைப் பாருங்கள்.

ஒலிநூலுக்கு இந்த வரம்புகள் பொருந்தாது. லிப்ரிவாக்ஸ் போன்ற இடங்களில் நூலையே அத்தியாயம் அத்தியாயமாக ஓடையாகத் தருகிறார்கள். அதைப் பாட்காஸ்ட் போலச் சேர்த்து, 'அண்மைய 3' என்று வைத்தால், 60 அத்தியாய நாவலில் 58, 59, 60 வந்து இறங்க வாய்ப்புண்டு. கொலைகாரன் யார் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். முதலிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டியது என்று ஓடையில் குறிக்க `<itunes:type>serial</itunes:type>` என்று ஒரு குறி இருக்கிறது, ஆனால் அதை எல்லோரும் போடுவதில்லை. நூலுக்குத் தானியங்கியை அணைத்துவிட்டு முழுவதையும் இறக்குவதே மேல். அது வளராது, 288 எம்பி என்றால் 288 எம்பிதான். ஒரே m4b கோப்பாக வந்த நூலில் மட்டும் ஒரு சங்கடம். கடைசி ஐந்து நிமிடம் பாக்கி இருந்தாலும் முழுக் கோப்பும் உட்கார்ந்திருக்கும். அத்தியாயக் கோப்புகள் என்றால் கேட்கக் கேட்கக் கரையும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு நூல் என்று மாமாவிடம் பேசி முடிவு செய்தோம்.

பத்து நாள் கழித்து போன் செய்தார். அத்தைக்குக் கேட்கக் கொடுக்கலாம் என்று நினைத்த சொற்பொழிவைக் காணோமாம். நட்சத்திரம் போட்டு வைத்தால் செயலி அதைத் தொடாது என்று சொல்லிக்கொடுத்தேன். நேற்று போனை வாங்கிப் பார்த்தேன். நட்சத்திரம் போட்ட சொற்பொழிவுகள் 41. ஒன்றுக்கு 43 எம்பி.