கர்மா ஒரு வார்த்தை, அர்த்தம் மூணு: சமயப் பாடத்துக்கு கடைசி ரெண்டு வாரம்

ரொம்ப வருஷமா சமயப் பாட பேப்பர் திருத்துறேன், பசங்க மார்க்க விடுறது பாதி நேரம் தெரியாததால இல்ல, ஒரு சமயத்துல படிச்சத இன்னொன்னுல கொண்டுபோய் எழுதுறதாலதான். நான் அடிக்கடி பாக்குற வரி இது: "பௌத்தத்தின்படி ஆன்மா மறுபிறவி எடுத்து தன் கர்மாவை அனுபவிக்கிறது." படிக்க சரியாத்தான் தெரியும், ஆனா நிலையான ஆன்மானு ஒண்ணு கிடையாதுங்கறதுதான் புத்தரோட அடிப்படைப் போதனையே.

இந்து, பௌத்தம், சமணம், கிறிஸ்தவம், இஸ்லாம்னு அஞ்சு இருக்குன்னு வெச்சுக்குவோம். முதல் அஞ்சு நாள், நாளைக்கு ஒரு சமயம். படிச்சதும் புத்தகத்த மூடிட்டு ஞாபகத்துல இருக்கறத ஒரே பக்கத்துல எழுதுங்க, அப்புறம் தொறந்து பாத்து விட்டுப்போனத வேற கலர் பேனால சேருங்க. ஆறாவது நாள் அஞ்சு பக்கத்தையும் எதையும் பாக்காம வெறும் தாள்ல திரும்ப எழுதணும். பல பேர் இதோட போதும்னு நிறுத்திடுறாங்க, ஆனா குழப்பம் வெளிய தெரியறதே இதுக்கு அப்புறம்தான்.

7லருந்து 10 வரைக்கும் சமயத்த விட்டுட்டு தலைப்ப எடுங்க. கர்மாவையே எடுத்துக்குவோம், மூணு சமயத்துகிட்டயும் ஒரே கேள்விதான்: வினைய சுமக்கறது எது? இந்து மரபுகள்ல பொதுவா ஆன்மா, பழைய துணிய கழட்டிட்டு புதுசு போடுற மாதிரி உடம்ப மாத்திக்குதுன்னு கீதை (2:22) சொல்லுது. பௌத்தத்துல சுமக்க ஆளே இல்ல, தொடர்ச்சி மட்டும்தான், மிலிந்தன்ங்கற ராஜா கேட்ட கேள்விக்கு நாகசேனர்ங்கற பௌத்தத் துறவி ஒரு விளக்குலருந்து இன்னொரு விளக்க ஏத்துற உதாரணம் சொல்லுவார், செயலுக்குப் பின்னாடி இருக்கற எண்ணம்தான் அங்க கர்மா. சமணத்துல கர்மா நுண்ணிய பருப்பொருள், எண்ணெய் தடவின உடம்புல தூசி ஒட்டுற மாதிரி கோபம், ஆசை இருக்கற உயிர் மேல ஒட்டிக்கும், தவம் பண்ணித்தான் உதிர்க்கணும். இந்த மூணையும் மூணு வரியா பக்கத்து பக்கத்துல எழுதிப் பாருங்க, மேல சொன்ன தப்பு அப்புறம் கையில வராது.

இதே மாதிரி இயேசுவையும் எழுதுங்க. கிறிஸ்தவத்துல இறைமகன், இஸ்லாத்துல ஈசா நபி, கன்னி மரியம்கிட்ட பிறந்தவர்ங்கறது ரெண்டுலயும் உண்டு, சிலுவைல இறந்தார்ங்கறத குர்ஆன் ஏத்துக்கல. நோன்பு, மரணத்துக்கு அப்புறம் என்னங்கறதும் இப்படி எழுத நல்ல தலைப்புங்க.

11, 12, 13 மூணு நாளும் பழைய கேள்வித்தாள், நேரம் வெச்சு எழுதுங்க. எழுதி முடிச்சதும் "எல்லா இந்துக்களும்", "முஸ்லிம்கள் அனைவரும்"னு வர்ற இடத்தையெல்லாம் அடிக்கோடு போடுங்க, அங்கதான் உட்பிரிவு விட்டுப்போயிருக்கும்: அத்வைதமா துவைதமா, சன்னியா ஷியாவா, தேரவாதமா மகாயானமா. பேர மட்டும் போட்டா பத்தாது, அந்த விஷயத்துல எங்க மாறுபடுறாங்கன்னு ஒரு வரியாவது வேணும்.

14வது நாள் புதுசா எதையும் தொடாதீங்க, வேற கலர் பேனால சேத்த வரிகள மட்டும் பாருங்க.