விழித்திருந்தும் நினைவில் பதியாத நேரம்

சுமார் 55 கிலோ எடையுள்ள ஒரு பெண், விருந்தில் வெறும் வயிற்றோடு ஒரு மணி நேரத்துக்குள் மூன்று லார்ஜ் விஸ்கி குடிக்கிறார் என்று கொள்வோம். 60 மில்லி லார்ஜ் ஒன்றில் ஏறத்தாழ 20 கிராம் ஆல்கஹால் இருப்பதால், அவருடைய 100 மில்லி இரத்தத்தில் ஆல்கஹால் 160 மில்லிகிராமைத் தாண்டிவிடக்கூடும். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம்தான்.

அந்த 160 மில்லிகிராம் அளவை ஒட்டித்தான், அதுவும் வேகமாக ஏறும்போது, பிளாக்அவுட் என்ற நினைவிழப்பு நேர்கிறது. புதிய அனுபவங்களை நினைவாக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் வழியாக நடக்கும் சமிக்ஞைப் பரிமாற்றத்தை ஆல்கஹால் அடக்கிவிடுவதால், நடப்பவை நீண்டகால நினைவில் பதிவதில்லை. ஆனால் அவர் மயங்கி விழவில்லை. பேசுகிறார், ஆடுகிறார், கேட்டால் 'சரி' என்றும் சொல்கிறார். 1970ஐ ஒட்டி அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் குட்வின் நடத்திய சோதனைகளில், பிளாக்அவுட்டில் இருந்தவர்கள் இரண்டு நிமிடங்களுக்கு முன் கண்டதைச் சொன்னார்கள். அரை மணி நேரத்துக்கு முன் கண்டதைச் சொல்ல முடியவில்லை.

விளைவுகளை எடைபோடும் மூளையின் முன்பகுதியும் இதே வேளையில் தளர்கிறது. குடித்தவரின் கவனம் எதிரே இருப்பதில் மட்டும் குவிந்து, தள்ளி நிற்கும் ஆபத்து கண்ணில் படாமல் போவதை, 1990இல் கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசஃப்ஸ் என்ற உளவியலாளர்கள் ஆல்கஹால் கிட்டப்பார்வை என்று விளக்கினார்கள். இது இரு பக்கமும் நடக்கும்: நெருங்க விரும்புபவருக்குச் சிரிப்பு தெரிகிறது, அதன் பின்னுள்ள தயக்கம் தெரிவதில்லை. போதையால், தான் எதற்கு உடன்படுகிறோம் என்பதைப் புரிந்துகொள்ள இயலாத நிலையில் ஒரு பெண் தரும் சம்மதத்தை இந்தியச் சட்டமும் சம்மதமாக ஏற்பதில்லை. தானும் குடித்திருந்தேன் என்பது மற்றவருக்குச் சாக்கும் ஆகாது.

எனவே 'நல்லா இருக்கியா?' என்று கேட்பதால் தோழிக்கு ஒன்றும் தெரியவராது, ஏனெனில் 'இருக்கேன்' என்ற பதில் எந்தப் போதையிலும் வரும். 'அரை மணிக்கு முன்னாடி யார் வந்தாங்க?' என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் வராவிட்டால், அவரைப் புதியவரோடு தனியே அனுப்பாமல் உடன் இருக்க வேண்டும். பதில் சரியாக வந்தாலும் அதைத் தெளிவுக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. குடித்த ஒருவரை வற்புறுத்திக்கொண்டிருப்பவரை அப்பால் அழைத்துப் போவதும் அப்படி வற்புறுத்துபவருடைய நண்பர்களின் வேலைதான் (பல விருந்துகளில் இந்தப் பாதி மறந்துபோகிறது). இதற்கெல்லாம் கூட்டத்தில் ஒருவராவது குடிக்காமல் இருக்க வேண்டும். அவர் யார் என்பதைப் போகும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

கடைசிக் கோப்பைக்குப் பிறகும் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை இரத்தத்தில் ஆல்கஹால் ஏறக்கூடும். உடலோ 100 மில்லி இரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் அளவே குறைக்கிறது. ஆகவே படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வருவது ஆபத்தானது. பக்கவாட்டில் படுக்க வைத்து அருகிலேயே இருங்கள்; தட்டி எழுப்பியும் எழாவிட்டாலோ, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள்.