அட்வான்ஸ் யார் கணக்குக்குப் போனது?

சில வருடங்களுக்கு முன் ஒருவர் வங்கி ஸ்டேட்மென்ட்டோடு என் அலுவலகத்துக்கு வந்தார். 32 லட்சத்துக்கு ஒரு மனை பேசி, 8 லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். அதில் 5 லட்சம் வங்கி மூலம், 3 லட்சம் ரொக்கம். "பேங்க்லதான் சார் அனுப்பிருக்கேன், ஆதாரம் இருக்கே" என்றார்.

ஸ்டேட்மென்ட்டைப் பார்த்ததும் எனக்குக் கவலை வந்துவிட்டது. பணம் போயிருந்தது மனை உரிமையாளரின் மூத்த மகன் கணக்குக்கு. அப்பாவுக்கு வங்கி விவகாரமெல்லாம் பழக்கமில்லை என்று சொன்னார்களாம். அனுப்பியதும் இவர் கணக்கிலிருந்து இல்லை, மனைவியின் கணக்கிலிருந்து. கிரய ஒப்பந்தம் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். 3 லட்சத்துக்கு மகன் கையெழுத்துப் போட்ட ஒரு வெள்ளைத்தாள் மட்டும் இருந்தது, அதில் சர்வே எண்கூட இல்லை.

இதற்கிடையில் உரிமையாளர் இறந்துவிட்டார். அவருடைய இரண்டு மகள்களும் வாரிசுகள். எங்களுக்கு எதுவும் தெரியாது என்றார்கள். மகனோ, அந்த 5 லட்சம் முன்பு தான் கொடுத்த கைமாற்றுக் கடன், அதைத்தான் திருப்பித் தந்தார்கள் என்று பதில் நோட்டீஸ் அனுப்பினார். வங்கிப் பதிவு, பணம் கைமாறியதைக் காட்டும். எதற்காகக் கைமாறியது என்பதைக் காட்டாது. நீண்ட இழுபறிக்குப் பிறகு 5 லட்சம் மட்டும் திரும்பியது. மனையும் போனது, 3 லட்சமும் போனது.

அதனால் இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் ஒன்றைத்தான் பார்க்கச் சொல்கிறேன். பத்திரத்தில் வாங்குபவராக யார் பெயர் வருமோ அவர் கணக்கிலிருந்து, தாய்ப்பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்குக்குப் பணம் போக வேண்டும். நான்கு பேர் கூட்டு உரிமையாளர்கள் என்றால், அவரவர் பங்கு அவரவர் கணக்குக்கு. விற்பவர் பவர் ஏஜென்டாக இருந்தாலும் பணம் உரிமையாளர் கணக்குக்கே போகட்டும். புரோக்கர் கணக்குக்கு டோக்கன் தொகைகூட வேண்டாம். கணக்கு எண்ணை வாட்ஸ்அப்பில் வாங்காமல் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தையோ ரத்து செய்த காசோலையையோ கேளுங்கள். ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் இரண்டிலும் அனுப்பும் முன் கணக்குதாரரின் பெயரைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதில் வரும் பெயரைத் தாய்ப்பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். அனுப்பிய தேதி, தொகை, இரு தரப்பு வங்கிக் கணக்குகள், யூ.டி.ஆர். எண் இவை நான்கும் கிரய ஒப்பந்தத்தில் வரி வரியாக வர வேண்டும். யூ.டி.ஆர். என்பது ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் தனி அடையாள எண். அந்த எண் ஒப்பந்தத்தில் ஏறிவிட்டால், அது கைமாற்று என்று பிறகு யாரும் சொல்ல இடமில்லை. தமிழ்நாட்டில் 2012 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். செலவுக்குப் பயந்து பலர் தவிர்க்கிறார்கள். பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் ஏறும், அதே மனையை வாங்க வரும் இன்னொருவருக்கும் தெரியும். கடைசியில் கிரயப் பத்திரம் எழுதும்போது இதே எண்களை அதிலும் எழுதச் சொல்லுங்கள். "முழுத்தொகையும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற பழைய மாதிரி வாசகம் உள்ளே வந்துவிடாமல் வரைவைப் படித்துப் பாருங்கள்.

ரொக்கம் வேண்டும் என்று விற்பவர் பிடிவாதம் பிடித்தால், அபாயம் அவருக்குத்தான் அதிகம் என்பதைச் சொல்லுங்கள். 2015 ஜூன் முதல், சொத்து விற்பனை தொடர்பாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாக வரலாம். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவையும் அடைத்தது. பெங்களூரு சொத்து ஒன்றுக்கு 75 லட்சம் ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வழக்கு அது. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கொடுத்ததாக வழக்கில் சொன்னால், நீதிமன்றம் அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவானது. ரொக்கம் கொடுத்தவர் நியாயம் கேட்டு வந்தாலும், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று அவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பில்டரிடம் அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்கள், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவில் அந்தத் திட்டத்துக்கென்று காட்டிய வங்கிக் கணக்குக்கு மட்டும் பணம் கட்டுங்கள், பங்குதாரரின் சொந்தக் கணக்குக்கு வேண்டாம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமை இல்லை. சொத்தின் மதிப்பு 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், 1 சதவீத டி.டி.எஸ். பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. அந்தச் சலானும் உங்கள் ஃபைலில் இருக்கட்டும்.

பேச்சு முறிந்து அட்வான்ஸ் திரும்ப வந்தால், அதுவும் வங்கி வழியாகவே, கொடுத்த அதே கணக்குக்கு வரட்டும். பணம் வந்து சேர்ந்த பிறகே ஒப்பந்த ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள். திருப்பி அனுப்பிய யூ.டி.ஆர். எண்ணை அதில் எழுதிப் பதிவு செய்யும் வரை, பழைய ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும்.