வினாகிரி மணக்கும் ஆஸ்பிரின்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகர் குளிசை அட்டையொன்றைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். தாயார் இதயத்துக்கு எடுக்கும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின். "திகதி இன்னும் முடியவில்லை. ஆனால் அட்டையைப் பிரித்தால் வினாகிரி மணக்கிறது. குடிக்கலாமா?" என்பது கேள்வி.

முதலில் படத்தை வாசிப்போம். ஃபிளாஷ் போட்டு எடுத்ததால் அலுமினியத் தாள் ஒரே வெள்ளையாக மினுங்குகிறது. திகதியைக் காட்டும் எழுத்துகள் மையால் அச்சடித்தவையல்ல, தாளில் அழுத்திப் பதித்தவை. பள்ளத்தின் நிழல்தான் எழுத்தாகத் தெரிகிறது, நேராக விழும் வெளிச்சம் அந்த நிழலை அழித்துவிடும். ஃபிளாஷை நிறுத்தி, யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அட்டையைச் சாய்த்துப் பிடித்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னோம். அதில் MFD 03/2024, EXP 02/202 வரை தெளிவாக இருந்தது. கடைசி இலக்கம் 1 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். 2021 என்றால் தயாரிக்க முன்னரே காலாவதியாகியிருக்க வேண்டும்! 2027 என்றால் சரியாக 36 மாதம், குளிசைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆயுள். மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை கணக்கு. ஆக, 2027 பெப்ரவரி 28.

அப்படியானால் மணம் எங்கிருந்து வந்தது?

ஆஸ்பிரினின் வேதிப்பெயர் அசெற்றைல்சலிசிலிக் அமிலம். சலிசிலிக் அமிலத்தோடு அசெற்றைல் என்ற சிறு துண்டு ஒட்டியிருக்கிறது. நீராவி பட்டால் அந்த ஒட்டு மெல்ல அவிழும். கழன்ற துண்டு தண்ணீரோடு சேர்ந்து அசெற்றிக் அமிலமாகிறது. வினாகிரியில் இருப்பதும் அதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், இதய நோயாளிக்குத் தேவையானதே கழன்றுபோன அந்தத் துண்டுதான். குருதிச் சிறுதட்டுகளில் உள்ள ஒரு நொதியத்தில் ஆஸ்பிரின் தன் அசெற்றைலைக் கொண்டுபோய் நிரந்தரமாக ஒட்டிவிடுகிறது. அதனால் அந்தத் தட்டு தன் ஆயுள் முடியும்வரை, ஏழு முதல் பத்து நாளைக்கு, குருதி கட்டியாவதற்கான சமிக்ஞையை அனுப்ப முடியாமல் கிடக்கும். மிஞ்சும் சலிசிலிக் அமிலத்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது. மூக்கில் ஏறுவது, உடம்புக்குள் போயிருக்க வேண்டிய மருந்து. முற்றினால் குளிசையின் மேல் மெல்லிய ஊசிபோன்ற பளிங்குகளும் முளைக்கும்.

திகதி பொய் சொல்லவில்லை. அது ஒரு நிபந்தனையோடு கொடுத்த வாக்கு, நிபந்தனை அதே அட்டையில் இருக்கிறது: 30 பாகைக்குக் கீழே, ஈரம் படாமல் வைக்கவும். வெப்பநிலை ஏற ஏற வேதித்தாக்கம் நேர்கோட்டில் அல்ல, மடங்கு மடங்காக வேகமெடுக்கும். உயர்தரத்தில் படித்த அரீனியஸ் சமன்பாடு இதுதான். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியின் மேற்தட்டில் பகல் 12 மணித்தியாலம் 38 பாகை, இரவு 12 மணித்தியாலம் 26 பாகை என்று வைத்துக்கொள்வோம். சராசரி 32 தானே, இரண்டு பாகையில் என்ன வரப்போகிறது என்று தோன்றும். தாக்கம் தொடங்கத் தேவைப்படும் செயலூக்கச் சக்திக்கு மருந்தியலில் வழக்கமாக எடுக்கும் பெறுமானத்தைப் போட்டுக் கணக்கிட்டால், 38 இல் சிதைவு 30 இல் நடப்பதைப்போல் ஏறக்குறைய 2.3 மடங்கு. 26 இல் 0.64 மடங்கு. இரண்டுக்கும் சராசரி ஒன்றரை மடங்கு. இரவின் குளிர் பகலின் சேதத்தை ஈடுசெய்வதில்லை. குளிசைக்கு அந்த வீடு 32 பாகை அல்ல, கிட்டத்தட்ட 34 பாகை.

சோளகம் வீசும் மாதங்களில் வன்னியில் வெப்பம் கெடுக்கிறது, மாரியில் ஈரம் கெடுக்கிறது. தெளிந்த பிளாஸ்திக் குமிழ் வழியே நீராவி மெதுவாக உள்ளே போகும், இருபக்கமும் அலுமினியமானால் போகாது. கத்தரிக்கோல் குமிழின் ஓரத்தைத் தொட்டாலோ எந்த அட்டையும் திறந்த வீடுதான். இந்த அட்டையில் ஒரு குமிழின் விளிம்பு அப்படித்தான் வெட்டுப்பட்டிருக்கிறது.

"திகதியெல்லாம் கொம்பனிக்காரன் விற்க எடுக்கிற தந்திரம்" என்பவர்களுக்கு இந்த மணமே பதில். என்னைக் கேட்டால், கிராமத்து மருந்துக் களஞ்சியம் ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பமானியும் ஒரு ஈரப்பதமானியும் தொங்க வேண்டும். பெரிய செலவில்லை.

வாசகருக்கு: மணக்கும் குளிசையைக் கொடுக்க வேண்டாம். ஆனால் ஆஸ்பிரினை நிறுத்தவும் வேண்டாம், அன்றைக்கே கிளினிக்கிலோ பாமசியிலோ மாற்றி எடுங்கள். அட்டையையும் கொண்டுபோங்கள், அதில் B.No. என்றிருப்பது தொகுதி இலக்கம். ஒரே தடவையில் கலந்து அழுத்திய குளிசைகள் எல்லாவற்றுக்கும் அந்த இலக்கம் ஒன்றே. அதே தொகுதியின் வெட்டாத அட்டை கடையில் மணக்காமல் இருந்தால் பிழை வீட்டில், அல்லது வெட்டில். அதுவும் மணந்தால் பிழை அதற்கு முந்திய இடத்தில், மருந்தாளர் அந்தத் தொகுதியை மேலே அறிவிக்க வேண்டும். புது அட்டையைச் சமையலறையிலும் குளிர்சாதனப் பெட்டியின் தலையிலும் வைக்காமல், உள்ளறையில் இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். குளிசைகளை இலக்கம் இல்லாத நுனியிலிருந்து எடுத்து வாருங்கள், EXP உள்ள துண்டு கடைசிவரை கையில் இருக்கும்.